மெமரியில் தேடி சீட் ஃபைல் எழுதுவது எப்படி: FCEUX எமுலேட்டரும் சூப்பர் மரியோவும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

நெட்டில் ஆயிரம் சீட் கோட் கிடைக்கிறதே, நானே ஏன் தேடி எழுத வேண்டும்?

கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் வேறு எமுலேட்டருக்காக எழுதியதை இதில் போட்டால் ஒன்றும் நடக்காது, சில நேரம் கேம் பாதியில் நின்றுவிடும், ஏன் நின்றது என்றும் தெரியாது. ஒரு கேமை எடுத்து நீங்களே தேடிப் பார்த்துவிட்டால் அடுத்தவர் எழுதிய கோடில் என்ன கோளாறு என்பதும் புரிந்துவிடும். அதற்கு நின்டெண்டோவின் 8 பிட் கன்சோல்தான் நல்ல இடம். நம்மூரில் டிவி கேம் என்று விற்ற பெட்டிகளில் பல இதன் நகல்தான். மொத்த ராமே 2 கிலோபைட், அதாவது 2048 பைட். அட்ரஸ் 0000-இல் தொடங்கி 07FF-இல் முடிந்துவிடும். தேட வேண்டிய இடம் அவ்வளவுதான்.

கீழே எல்லாவற்றுக்கும் 1985-இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் கேமையே எடுத்துக்கொள்கிறேன். எமுலேட்டர், விண்டோஸில் ஓடும் FCEUX.

சரி, உயிர் எண்ணிக்கை எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? திரையில் 3 என்று காட்டுகிறது, 3 என்று தேடினால் சரியான இடம் வரவே மாட்டேன் என்கிறது.

வராது. திரையில் 3 தெரியும்போது மெமரியில் இருப்பது 2. இன்னும் எத்தனை முறை சாகலாம் என்பதைத்தான் கேம் வைத்திருக்கிறது, திரையில் எழுதும்போது அதோடு ஒன்றைக் கூட்டிக் காட்டுகிறது. இப்படி ஒன்று கூட்டியோ குறைத்தோ காட்டும் கேம்கள் ஏராளம், அதனால் திரையில் தெரியும் எண்ணை நம்பித் தேடவே வேண்டாம். எண் என்னவென்று தெரியாது, கூடியதா குறைந்ததா என்பது மட்டும் தெரியும் என்று வைத்துக்கொண்டு தேடுங்கள்.

கேமைத் தொடங்கி முதல் கட்டத்தில் மரியோ நிற்கும்போது `RAM Search` ஜன்னலைத் திறந்து `Reset` அழுத்துங்கள். ஒப்பிடுவது `Previous Value` உடன் என்று வைத்துவிட்டு, கொஞ்சம் ஓடுங்கள், குதியுங்கள், ஒரு காசு எடுங்கள், ஆனால் சாகாதீர்கள். இப்போது `Equal To` தேர்ந்தெடுத்து `Search`. உயிர் மாறவில்லை என்பது நமக்குத் தெரியும், ஆக மாறிய இடங்கள் எல்லாம் பட்டியலிலிருந்து போய்விடும். மரியோ நிற்கும் இடம், வேகம், நேரம், எதிரிகள் எல்லாம் இந்த ஒரே அடியில் காலி. இதையே இரண்டு மூன்று தடவை செய்யுங்கள், ஒவ்வொரு முறையும் வேறு வேறு காரியம் செய்தபிறகு.

அப்புறம் முதலில் வரும் அந்தக் காளான் எதிரியிடம் வேண்டுமென்றே போய் மோதிச் சாகுங்கள். கட்டம் மறுபடி தொடங்கி மரியோ நிற்கும் வரை பொறுத்திருந்து, `Less Than` வைத்து `Search`. இன்னும் அதிகமாக மிச்சமிருந்தால் மறுபடி ஓடி `Equal To`, மறுபடி செத்து `Less Than`. சாவதற்கு முன் ஒரு சேவ் ஸ்டேட் போட்டுக்கொண்டால் உயிர் தீர்ந்துவிடும் என்ற கவலையும் இல்லை. ஸ்டேட்டை லோடு செய்தால் எண்ணும் பழையபடி ஏறிவிடும், அப்போது `Greater Than` என்று தேடலாம், அதுவும் ஒரு தேடல்தானே.

கடைசியில் மிஞ்சும் சிலவற்றில் `075A` இருக்கும். அதுதான்.

அதுதான் என்று எப்படி உறுதி செய்வது? நான்கைந்து அட்ரஸ் மிஞ்சுகிறது.

ஒவ்வொன்றாக ஹெக்ஸ் எடிட்டரில் போய் மதிப்பை மாற்றிவிட்டு ஒரு முறை செத்துப் பாருங்கள். `075A`-இல் 05 போட்டுவிட்டுச் செத்தால் அது 04 ஆகி, அடுத்து வரும் கருப்புத் திரையில் 5 என்று காட்டும். வேறு இடத்தை மாற்றினால் ஒன்று எதுவும் நடக்காது, அல்லது தொடர்பில்லாத ஏதோ ஒன்று நடக்கும்.

திரையில் தெரியும் எண் மாறியது என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். காசு எண்ணிக்கை இதற்குச் சரியான உதாரணம், அது இரண்டு இடத்தில் இருக்கிறது. `07ED`, `07EE` இரண்டும் திரைக்கான இலக்கங்கள், பத்தும் ஒன்றும் தனித்தனி பைட். உண்மையான கணக்கு `075E`-இல் ஓடுகிறது. நூறு ஆனதா, ஓர் உயிர் கொடுக்கலாமா என்று கேம் பார்ப்பது `075E`-ஐ மட்டும்தான். திரை இலக்கத்தைப் பிடித்து 99 ஆக்கிவிட்டு உயிர் வரவில்லையே என்று உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர்.

அட்ரஸ் கிடைத்துவிட்டது. ஃபைலை எந்த வடிவில் எழுத வேண்டும், எங்கே போட வேண்டும்?

எமுலேட்டர் இருக்கும் ஃபோல்டருக்குள் `cheats` என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். கேம் ஃபைலின் பெயர் என்னவோ அதே பெயரில், `.cht` என்ற முடிவோடு ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். ஒரு வரிக்கு ஒரு சீட். முதலில் அட்ரஸ், ஒரு முக்காற்புள்ளி, மதிப்பு, இன்னொரு முக்காற்புள்ளி, பெயர்:

```
075a:08:Lives
```

எல்லா எண்ணும் ஹெக்ஸ். அட்ரஸ் கட்டாயம் நான்கு இலக்கம், மதிப்பு கட்டாயம் இரண்டு இலக்கம். 8 என்று எழுதாமல் 08 என்றே எழுதுங்கள், ஏனென்றால் பெயர் எங்கே தொடங்குகிறது என்பதை எமுலேட்டர் எழுத்துகளை எண்ணித்தான் எடுக்கிறது. ஓர் இலக்கம் குறைந்தால் பெயரின் முதல் எழுத்து காணாமல் போகும். பெயரை ஆங்கில எழுத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது, தமிழில் வைத்தால் பட்டியலில் கேள்விக்குறிகளாகத் தெரிய வாய்ப்பு அதிகம்.

சீட் இருக்கட்டும், ஆனால் இப்போதைக்கு வேலை செய்ய வேண்டாம் என்றால் அட்ரஸுக்கு முன்னால் ஒரு முக்காற்புள்ளி:

```
:075a:08:Lives
```

ஒன்று முக்கியம். கேம் திறந்திருக்கும்போது இந்த ஃபைலைக் கையால் மாற்றாதீர்கள். சீட் பட்டியலில் ஏதாவது தொட்டிருந்தால், கேமை மூடும்போது எமுலேட்டர் தன்னிடம் இருப்பதை ஃபைலின் மேல் எழுதிவிடும், நீங்கள் எழுதியது போய்விடும். மூடிவிட்டு எழுதுங்கள், பிறகு திறங்கள்.

நான் எமுலேட்டரின் சீட் ஜன்னலிலேயே சேர்த்தேன். ஃபைலைத் திறந்து பார்த்தால் வரியின் முன்னால் S என்று ஒரு எழுத்து இருக்கிறதே, அது என்ன?

இந்தப் பக்கத்தில் நிதானமாகப் படிக்க வேண்டியது இதைத்தான், ஃபைலைக் கையால் எழுத வேண்டிய காரணமும் இதுவே.

S இல்லாத வரி என்றால், ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒரு முறை, அதாவது நொடிக்குச் சுமார் 60 முறை, எமுலேட்டர் அந்த இடத்தில் உங்கள் எண்ணை எழுதிவிட்டுப் போகும். அந்த இரண்டு எழுதல்களுக்கு நடுவில் கேம் அந்த இடத்தை என்ன வேண்டுமானாலும் செய்யலாம், கூட்டலாம், குறைக்கலாம், தான் எழுதியதையே திரும்பப் படிக்கலாம்.

S இருந்தால் எமுலேட்டர் எழுதுவதே இல்லை. கேம் அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் உங்கள் எண்ணைப் பதிலாகக் கொடுக்கிறது, அவ்வளவுதான். கேம் அங்கே புதிதாக ஒன்றை எழுதினாலும், அடுத்த நொடியே படித்தாலும், கிடைப்பது உங்கள் எண்ணே. ஜன்னலில் சேர்த்தால் வழக்கமாக இந்த S வகையில்தான் சேமிக்கிறது.

உயிர் எண்ணிக்கைக்கு இரண்டும் ஒன்றுபோலவே வேலை செய்யும், அதனால் பலருக்கு இந்த வித்தியாசம் இருப்பதே தெரிவதில்லை. காசில் தெரிந்துவிடும். `075E`-ஐ 63-இல் நிறுத்துங்கள், ஹெக்ஸில் 63 என்றால் 99. மரியோ காசு எடுத்ததும் கேம் முதலில் அந்த இடத்தில் ஒன்றைக் கூட்டுகிறது, பிறகு அதையே படித்து நூறா என்று பார்க்கிறது, நூறு என்றால் அதைப் பூஜ்ஜியமாக்கி ஓர் உயிர் தருகிறது.

```
075e:63:Coin gives life
S075e:63:Coin gives life
```

முதல் வரியில் 99 நூறாகிறது, கேம் நூறு என்று படிக்கிறது, உயிர் கிடைக்கிறது, அடுத்த ஃப்ரேமில் எமுலேட்டர் மறுபடி 99 எழுதிவிடுகிறது. ஆக ஒவ்வொரு காசுக்கும் ஓர் உயிர். இரண்டாவது வரியில் கேம் கூட்டிவிட்டுப் படிக்கும்போதும் 99 என்றே பதில் வருகிறது, நூறு என்ற எண்ணை அது பார்க்கவே போவதில்லை, எத்தனை காசு எடுத்தாலும் உயிர் வராது. ஒரே அட்ரஸ், ஒரே மதிப்பு, ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

உயிருக்கு ff போட்டேன், 255 உயிர் கிடைக்கும் என்று நினைத்தேன். முதல் சாவிலேயே கேம் ஓவர்!

கேம் செய்வது இது: உயிரில் ஒன்றைக் குறைக்கிறது, விடை பூஜ்ஜியத்துக்குக் கீழே போனதா என்று பார்க்கிறது, போயிருந்தால் கேம் ஓவர். 8 பிட் பிராசஸருக்கு 80 முதல் ff வரை உள்ள எல்லாமே மைனஸ் எண்கள். ff என்பது அதற்கு 255 அல்ல, மைனஸ் 1. அதிலிருந்து ஒன்று குறைத்தால் மைனஸ் 2, கதை முடிந்தது. அதிகபட்சம் 7f வரை போகலாம், அது 127.

00 போட்டாலும் இதே கதி, அதுதான் பலரைக் குழப்புகிறது. நொடிக்கு 60 முறை எழுதுகிறோமே, எப்படிக் குறையும் என்று கேட்பார்கள். குறைப்பதும் சோதிப்பதும் அடுத்தடுத்த இரண்டு கட்டளைகள், ஒரே ஃப்ரேமுக்குள் முடிந்துவிடுகின்றன. எமுலேட்டர் திரும்பி வந்து எழுதுவதற்குள் கேம் முடிவெடுத்தாகிவிட்டது.

நான் 08 போடச் சொல்வதற்குக் காரணம் அழகு மட்டுமே. அதில் திரையில் 9 என்று தெரியும். 09 போட்டால் பத்தாம் இடத்தில் இலக்கத்துக்குப் பதிலாக ஒரு கிரீடப் படம் வரும். கேம் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், உயிர் பத்தைத் தொட்டாலே அப்படிக் காட்டும்படி கேமிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

நேரத்தை நிறுத்தினேன், நன்றாக ஓடியது. ஆனால் கட்டத்தின் முடிவில் கோட்டைக்குள் போனபிறகு ஸ்கோர் மட்டும் ஏறிக்கொண்டே இருக்கிறது, அடுத்த கட்டம் வரவே இல்லை.

`07F8`-ஐ நிறுத்தியிருப்பீர்கள். நேரம் மூன்று பைட்டில் இருக்கிறது, `07F8` நூறு, `07F9` பத்து, `07FA` ஒன்று. 400 என்ற நேரம் 04, 00, 00 என்று மூன்று தனி இலக்கங்களாக இருக்கும், அதனால்தான் 400 என்று தேடினாலும் கிடைக்காது. நூறாம் இலக்கத்தை 09-இல் நிறுத்தினால் நேரம் தீராது என்பது சரி. ஆனால் கட்டம் முடிந்ததும் மிச்ச நேரத்தைக் குறைத்துக் குறைத்துப் புள்ளிகளாக மாற்றுகிறதே, அது மூன்று இலக்கமும் பூஜ்ஜியமாகும் வரை விடாது. நீங்கள் ஒன்றை 09-இல் பிடித்து வைத்திருக்கிறீர்கள். S போட்டாலும் போடாவிட்டாலும் இதில் மாற்றம் இல்லை.

சீட்டை அந்த நேரத்தில் அணைத்துவிட்டால் அடுத்த கட்டம் வந்துவிடும். நல்ல வழி, எண்ணை விட்டுவிட்டு எண்ணைக் குறைக்கும் கடிகாரத்தைப் பிடிப்பது. அது `0787`. அதில் கேம் 18 என்று வைக்கிறது, ஹெக்ஸில் 18 என்றால் 24. ஃப்ரேமுக்கு ஒன்றாகக் குறைந்து பூஜ்ஜியம் ஆனதும் நேரத்தில் ஒன்று குறைகிறது, மறுபடி 24. (ஆக மரியோவின் ஒரு ‘நொடி’ நம் அரை நொடிகூட இல்லை.) முடிவில் புள்ளி எண்ணும் பகுதி இந்தக் கடிகாரத்தைப் பார்ப்பதே இல்லை, அதனால் அங்கே சிக்கல் வராது.

```
0787:18:Stop clock
```

இதில் 18-க்குப் பதில் 01 போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு ஃப்ரேமிலும் 01 பூஜ்ஜியமாகி நேரம் தலைதெறிக்க ஓடி மரியோ செத்துவிடுவான். அதே 01-ஐ S உடன் போட்டால் கேம் படிக்கும்போது எப்போதும் 01 தான், பூஜ்ஜியமே இல்லை, நேரம் நின்றுவிடும். மேலே சொன்ன வித்தியாசம் இன்னொரு முகத்தோடு.

அந்த 0787-ஐ எப்படித் தேடிப் பிடிப்பது? திரையில் எங்கேயும் தெரியாத எண் ஆயிற்றே.

ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தித் தேட வேண்டும். கேமை நிறுத்திவிட்டு, ஒரு ஃப்ரேம் நகர்த்தி `Less Than`, இன்னொரு ஃப்ரேம் நகர்த்தி மறுபடி `Less Than`. திரையில் நேரம் ஒன்று குறைந்த அந்த ஃப்ரேமில் மட்டும் `Greater Than`, ஏனென்றால் அப்போதுதான் அது பூஜ்ஜியத்திலிருந்து 24-க்குத் தாவும். இப்படி இரண்டு சுற்று போனால் பட்டியல் சுருங்கிவிடும். திரையில் எண் மாறுவது ஓரிரு ஃப்ரேம் தள்ளித் தெரியலாம், அதனால் தாவலைத் தவறவிட்டால் `Undo` அழுத்தி ஒரு படி பின்னால் போகலாம்.

கேம் ஜீனி என்ற பழைய சீட் கருவியின் கோடுகளையும் இதே ஃபைலில் எழுத முடியுமா? SXIOPO என்று ஒன்று பார்த்தேன்.

முடியும், ஆனால் அந்த ஆறு எழுத்தை அப்படியே எழுதக் கூடாது. ஒவ்வொரு எழுத்தும் ஒரு ஹெக்ஸ் இலக்கம், பிட்களைக் கலைத்துப் போட்டிருக்கிறார்கள். பிரித்தால் SXIOPO என்பது அட்ரஸ் `91D9`, மதிப்பு `AD`. இந்த அட்ரஸ் ராமில் இல்லை, கேம் புரோகிராம் இருக்கும் ரோமில் இருக்கிறது. அங்கே எழுத முடியாது, படிக்கும்போது மாற்றிக் கொடுக்கத்தான் முடியும், ஆகவே S கட்டாயம்.

என்ன செய்கிறது என்று பார்த்தால் ரசிக்கத் தோன்றும். `91D9`-இல் இருப்பது `CE 5A 07`, ‘075A-இல் ஒன்றைக் குறை’ என்ற கட்டளை, நாம் தேடிக் கண்டுபிடித்த அதே உயிர் அட்ரஸ். CE-ஐ AD ஆக்கினால் ‘075A-ஐப் படி’ என்று ஆகிவிடுகிறது. குறைப்பதற்குப் பதில் சும்மா படித்துவிட்டு, மைனஸ் இல்லை என்று பார்த்துவிட்டு, கேம் தொடர்கிறது. உயிர் குறையாது, ஆனால் பச்சைக் காளான் எடுத்தால் கூடும். ராமை நிறுத்தும் சீட்டைவிட இது சுத்தமானது என்பேன்.

```
SC91d9:ad:ce:No life lost
```

C என்பது ஒப்பீடு. அந்த இடத்தில் CE இருந்தால் மட்டும் AD கொடு, இல்லையென்றால் தொடாதே. மரியோவின் புரோகிராம் மொத்தமே 32 கிலோபைட், எல்லாம் எப்போதும் அதே இடத்தில் இருக்கிறது, அதனால் இங்கே C இல்லாமலும் ஓடும். பெரிய கேம்களில் ரோமின் வெவ்வேறு பகுதிகள் ஒரே அட்ரஸில் மாறி மாறி வந்து உட்காரும். ஒப்பீடு இல்லாமல் போட்டால் சம்பந்தமில்லாத பகுதியில் ஒரு பைட்டைக் கெடுத்துவிடும், கேம் தொங்கும். எட்டு எழுத்து கேம் ஜீனி கோடுகள் இருப்பதும் இந்த ஒப்பீட்டு பைட்டுக்காகத்தான்.

எல்லாவற்றையும் சேர்த்து ஒரு முழு ஃபைல் காட்டுங்களேன்.

```
SC91d9:ad:ce:No life lost
:075a:08:Lives fixed at 9
:075e:63:Coin gives life
0787:18:Stop clock
```

உயிருக்கு மூன்று வழி இருக்கிறது, ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டால் போதும், அதனால் இரண்டை அணைத்து வைத்திருக்கிறேன். S அல்லது SC உள்ள வரியை அணைக்க வேண்டுமென்றால் முக்காற்புள்ளி அந்த எழுத்துகளுக்குப் பின்னால் வரும், `SC:91d9` என்று.

இதே ஃபைலை ரெட்ரோஆர்க்கில் போடலாமா? போனில் அதுதான் வைத்திருக்கிறேன்.

அங்கேயும் முடிவு `.cht` தான், ஆனால் உள்ளே எழுதும் முறை முழுக்க வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் காப்பி அடித்துப் போட்டுவிட்டு ஏமாறுகிறார்கள்.

```
cheats = 1
cheat0_desc = "No life lost"
cheat0_code = "SXIOPO"
cheat0_enable = false
```

மேலே எத்தனை சீட் என்ற எண்ணிக்கை, அப்புறம் ஒவ்வொன்றுக்கும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும் வரிசை எண். புதிதாக ஒன்று சேர்த்துவிட்டு மேலே எண்ணிக்கையை ஏற்ற மறந்தால் அது பட்டியலில் வராது. கோடை எப்படி எழுத வேண்டும் என்பது நீங்கள் போட்டிருக்கும் கோர், அதாவது ரெட்ரோஆர்க்குக்குள் கேமை ஓட்டும் எமுலேட்டர், எது என்பதைப் பொறுத்தது, கேம் ஜீனி எழுத்துகளை நின்டெண்டோ கோர்கள் நேரடியாகவே எடுத்துக்கொள்ளும்.